பி.என்.ஆர். இருக்கு, டிக்கெட் இல்லை

எங்கள் கூட்டத்தில் இருக்கிற ஒருத்தியின் அம்மம்மா திருப்பதி போக ஆறு வருசமாகச் சீட்டுக் கட்டினவ. போன புரட்டாசியில் போவதாக இருந்தது. பெட்டி கட்டி, வெத்திலைபாக்குப் பையுக்குள் ரெண்டு வளையலும் ஒரு தலைமுடிக் கத்தையும் வைத்துக்கொண்டு காத்திருந்தா. மகள் சின்ன வயதில் வருத்தமாகக் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பயணம் நடக்கவில்லை. காசும் வரவில்லை. இண்டைக்கும் அம்மம்மா சொல்லுவது ஒண்டுதான்: "பெருமாள் கூப்பிடேல்லை, பிள்ளை."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது. பெருமாள் கூப்பிட்டாரோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்கப்படவில்லை என்பது நிச்சயமாகத் தெரியும். இந்த இரண்டையும் ஒண்டாக்கி விட்டவன் இப்பவும் அடுத்த போஸ்டர் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லுறம்.

ஆனி மாதம் பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் வந்தது. திருப்பதி, காளஹஸ்தி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை. ஆறு நாள். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானம், யாழ்ப்பாணத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ், விசா, தங்குமிடம், சைவச் சாப்பாடு, "விசேட தரிசனம்" எல்லாம் சேர்த்து ஆளுக்கு 118,000 ரூபா. "இன்னும் 10 இடங்கள் மட்டும்." கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கம். நிறுவனப் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆனால் போன முறை போய்வந்த ஆக்கள் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படங்கள் இருந்தன. அந்தப் படங்கள் உண்மையானவை. படத்தில் நின்ற ஒரு அன்ரியை அம்மம்மாவுக்கே தெரியும்.

அம்மம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஆடியில் 100,000 ரூபா முற்பணம் போட்டார்கள். ஆவணி முதல் கிழமையில் மிச்சம் 136,000. ரெண்டு தடவையும் வேற வேற ஆக்களின் தனிப்பட்ட வங்கிக் கணக்கு. "அது என்ர மச்சான்ர எக்கவுண்ட், என்ரதில லிமிட் முடிஞ்சுது" என்று பதில். பற்றுச்சீட்டு கேட்டதுக்கு, "வங்கிச் சிலிப்தானே பற்றுச்சீட்டு, அம்மா."

எங்கட தோழி சும்மா இருக்கவில்லை. "டிக்கெட் அனுப்புங்கோ அண்ணை" என்று விடாமல் கேட்டாள். மிச்சக் காசு போன அண்டு இரவே வட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எப். வந்தது. விமான நிறுவனத்தின் சின்னம், திகதி, நேரம், ரெண்டு பெயர், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பி.என்.ஆர். இலக்கம். அவள் விமான நிறுவனத்தின் இணையத்தளத்துக்குப் போய் அந்த இலக்கத்தையும் குடும்பப் பெயரையும் அடித்துப் பார்த்தாள். பெயர் வந்தது! அம்மம்மாவின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. நிம்மதியாகப் படுத்தாள்.

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது சாப்பாட்டைச் சைவமாக மாற்ற எண்டு திரும்பப் போய்ப் பார்த்தால், அப்படி ஒரு பதிவே இல்லை.

இவள் ஏமாந்தது கவனக்குறைவால் இல்லை. சோதித்துப் பார்த்த பிறகுதான் ஏமாந்தாள். ஆகவே அந்தச் சோதனையில் என்ன ஓட்டை இருந்தது என்பதை ஒருக்கா விளங்கிக்கொள்ள வேணும்.

விமான இருக்கை ஒன்று ரெண்டு படியில் எங்களுக்கு வருகிறது. முதல் படி, பதிவு. பயணியின் பெயரைப் போட்டு இருக்கையைப் பிடித்து வைப்பது. இதைச் செய்தவுடன் பி.என்.ஆர். இலக்கம் உருவாகும். பல விமான நிறுவனங்களில், முகவர் ஒருவர் ஒரு சதமும் கட்டாமலே இந்தப் படியைச் செய்யலாம். இரண்டாம் படி, டிக்கெட் இஷ்யூ பண்ணுவது. காசு கட்டினால்தான் இது நடக்கும். முதல் படிக்குப் பிறகு ஒரு காலக்கெடு ஓடத் தொடங்கும். விமான நிறுவனத்தையும் கட்டண வகையையும் பொறுத்து அது சில மணித்தியாலமாக இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். குழுப் பதிவு எண்டால் இன்னும் நீளலாம். அதற்குள் டிக்கெட் இஷ்யூ ஆகாவிட்டால் கணினியே பதிவைக் கழித்துவிடும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

எங்கட தோழி பார்த்தது முதல் படியை. பெயர் உண்மை, விமானம் உண்மை, இலக்கம் உண்மை. கடையில் ஒரு சாறியைக் காட்டி "இதை எடுத்து வையுங்கோ, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் "சாறி வாங்கியாச்சு" என்று சொன்னால் எப்படியோ, அப்படி.

இரண்டாம் படி முடிந்ததற்கு அடையாளம் வேறு. வழமையான விமான நிறுவனங்களில் ஒவ்வொரு பயணிக்கும் 13 இலக்கம் கொண்ட இ-டிக்கெட் எண் ஒன்று வரும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. ஸ்ரீலங்கன் விமானசேவைக்கு அது 603. பி.என்.ஆர். ஒரு குழுவுக்கே ஒன்றாக இருக்கலாம், இந்த 13 இலக்க எண் ஆளுக்கு ஒன்று. மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் சிலவற்றில் இந்த எண்ணைக் காட்ட மாட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியது, பதிவு உறுதியா, கட்ட வேண்டிய பாக்கி ஏதும் இருக்கா என்பதை. விளங்காவிட்டால் விமான நிறுவனத்துக்கே போன் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்தப் பி.என்.ஆர்.க்கு டிக்கெட் இஷ்யூ ஆகிட்டுதா?" "புக்கிங் இருக்கா?" என்று கேட்டால் "ஓம், இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்த "ஓம்" எங்களுக்கு உதவாது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இஷ்யூ பண்ணின டிக்கெட்டையும் பிறகு ரத்துச் செய்து காசை மீளப் பெறலாம். டிக்கெட்டை எடுத்த முகவருக்கே அந்த வசதி இருக்கிறது. ஆகவே ஒருக்கால் பார்த்துவிட்டு விடாமல், காசு கட்டின அண்டும், ஒரு கிழமைக்கு முன்னமும், வீட்டை விட்டு வெளிக்கிட முன்னமும் பார்க்க வேணும். பார்க்கும் இடம் முக்கியம். விற்கிறவன் அனுப்பின பி.டி.எப்.பும் ஸ்கிரீன்ஷொட்டும் அவனுடைய போனில் இருந்து வந்தவை. அவன் அனுப்பின லிங்கும் அப்படித்தான். அத்தாட்சி என்பது டிக்கெட் கொடுக்கிற நிறுவனத்தின் பதிவில் இருப்பது மட்டும்.

இனி தரிசன டிக்கெட். "விசேட தரிசனம்" என்று எல்லாப் போஸ்டரிலும் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் விற்கிற விசேட நுழைவுத் தரிசன டிக்கெட் 300 இந்திய ரூபா. தேவஸ்தானத்தின் சொந்த இணையத்தளத்தில், திகதியும் நேரமும் குறித்து, முன்கூட்டியே எடுக்க வேணும். எடுக்கும்போது ஒவ்வொருவரின் பெயரும் அடையாள ஆவண இலக்கமும் கொடுக்க வேணும். வரிசைக்குள் விடும்போது அந்த ஆவணத்தின் மூலப்பிரதியைக் கேட்பார்கள். இன்னொருவருக்கு அதைக் கைமாற்ற ஏலாது.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை பிறக்கிறது. உங்கட கடவுச்சீட்டு இலக்கத்தை இன்னும் கேட்காத ஒருவர், உங்களுக்குத் தரிசன டிக்கெட் எடுத்திருக்க முடியாது. விசாவுக்கு விண்ணப்பித்திருக்கவும் முடியாது. "எல்லாம் புக் பண்ணியாச்சு" என்று அவர் சொன்னால் பொய், அவ்வளவுதான். அம்மம்மாவிடம் கடவுச்சீட்டுப் பிரதி கேட்டது ஆவணி கடைசியில். "தரிசனம் கொன்போர்ம்" என்று போஸ்டர் சொன்னது ஆனியில்.

டிக்கெட் மறுவிற்பனையும் இந்த இடத்திலேயே உடைகிறது. "எங்கட குறூப்பில ரெண்டு பேர் தவிர்க்க ஏலாத காரணத்தால வரேல்லை, அவையின்ர டிக்கெட் பாதி விலைக்கு" என்று சீசனுக்குச் சீசன் வரும் பதிவுகளைப் பாருங்கோ. அதில் இருக்கிற இரக்கமும் அவசரமும் சேர்ந்து ஆக்களை இழுக்கும். ஆனால் சர்வதேச விமான டிக்கெட் ஒருவரின் கடவுச்சீட்டுப் பெயரில் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவார்கள், ஆளை மாற்றித் தர மாட்டார்கள். தரிசன டிக்கெட்டும் அப்படித்தான். வராத ஆளின் விசாவில் நீங்கள் போக முடியுமா? பிறகு அவர் பாதி விலைக்கு விற்பது எதை? பஸ்ஸில் ஒரு இருக்கையையும் ஹோட்டலில் ஒரு கட்டிலையும் வேணுமெண்டால் கைமாற்றலாம். மிச்சம் எல்லாம் உங்களுக்குப் புதிதாக எடுக்க வேண்டியவை. பாதி விலைக்கு அது கிடைக்காது.

இப்ப ஒரு கேள்வி வரும். அந்த ஆள் முழுக் கள்ளனா? போன முறை ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனவன்தானே?

ஓம், போனவன்தான். எங்களுக்குக் கோபம் வருவதும் அதனால்தான். இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. 28 பேர், ஆளுக்கு 118,000 என்றால் கையில் வருவது 33 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அவன் போஸ்டர் போடும்போது போய்வர விமானக் கட்டணம் 55,000 என்று வைப்போம். மிச்சச் செலவு போக ஆளுக்கு 12,000 லாபம் என்று கணக்குப் பார்த்திருப்பான். மொத்தம் 336,000. ஆனால் முற்பணம் வந்தவுடன் டிக்கெட் எடுக்கவில்லை. "பிறகு குறையும்" என்று காத்திருக்கிறான். அல்லது அந்தக் காசில் போன குறூப்பின் ஹோட்டல் பாக்கியைக் கட்டுகிறான். புரட்டாசி கிட்ட வர, கட்டணம் 75,000 ஆகிறது. ஆளுக்கு 20,000 கூட, 28 பேருக்கு 560,000. லாபம் முழுக்கப் போய், மேலே 224,000 நட்டம். இந்த இடத்தில் அவனுக்கு முன்னால் ரெண்டு வழி. உண்மையைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று. அடுத்த போஸ்டரைப் போட்டு, புது ஆக்களின் முற்பணத்தில் பழைய ஆக்களைச் சமாளிப்பது மற்றது. அவன் எதைத் தெரிவு செய்கிறான் என்று எங்களுக்குத் தெரியும்.

முதல் நாளிலிருந்தே ஏமாற்ற நினைத்தவனும் கணக்குப் பிழைத்து ஏமாற்றுக்காரனாகப் போனவனும் காசு கொடுத்தவருக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ரெண்டு பேரும் அனுப்புவது பி.என்.ஆர். பி.டி.எப். தான். "நல்ல பொடியன், தெரிஞ்ச பொடியன்" என்ற அத்தாட்சி ரெண்டு பேருக்கும் கிடைக்கும். பழைய கோபுரப் படங்களும் ரெண்டு பேரிடமும் இருக்கும். அந்தப் படங்கள் காட்டுவது போன குறூப்பின் காசு எங்கே போனது என்பதை மட்டும். உங்கட காசு எங்கே போகிறது என்று அவை சொல்லாது.

இதை நாங்கள் முன்னமும் பேசியிருக்கிறோம். அப்போது எங்களுக்கு வந்த பதில்கள் மூன்று.

முதலாவது, "ஊர்ப்பொடியள் பிழைக்கட்டும், எல்லாத்துக்கும் லைசன்ஸ் கேட்டால் கொழும்புக் கொம்பனிதான் மிஞ்சும்." நாங்கள் ஊர்ப்பொடியனிடம் பெரிய அலுவலகம் கேட்கவில்லை. இலங்கையில் விமான டிக்கெட் விற்கும் முகவர்களுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, அதன் பட்டியலையும் வெளியிடுகிறது. அனுமதி இல்லாத ஒருவர், அனுமதி உள்ள முகவரிடம் டிக்கெட்டை எடுத்துக் குழுவைக் கூட்டிக்கொண்டு போகலாம். கோயில் குருக்கள்மாரும் குருசாமிமாரும் அப்படித்தான் காலாகாலமாகக் கூட்டிப் போகிறார்கள். கேட்பது இவ்வளவுதான்: எந்த முகவர், அவருடைய பற்றுச்சீட்டு எங்கே, டிக்கெட் எண் எங்கே. நேர்மையான ஊர்ப்பொடியனுக்கு இதைக் காட்ட ஒரு சதமும் செலவில்லை. காட்டினால் கள்ளனிடமிருந்து அவனைப் பிரித்து அறியவும் முடியும்.

இரண்டாவது, "சாமி விசயத்தில இப்படிச் சந்தேகப்படலாமோ?" உண்டியலுக்குப் பூட்டுப் போடுவது சாமியைச் சந்தேகப்பட்டா? கோயில் கணக்கைத் திருவிழா முடிய வாசிக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிற ஊர்தானே எங்கட ஊர். அர்ச்சனைக்குக் கூடச் சிட்டை வாங்குகிறோம். 118,000 ரூபாவுக்கு மட்டும் ஏன் சிட்டை வேண்டாம்?

மூன்றாவது பதில்தான் மோசமானது. விற்றவனே சொன்னது. பயணம் இல்லை என்று தெரிந்த பிறகு தோழி போன் எடுத்தபோது, "தங்கச்சி, அவர் அழைச்சாத்தான் அங்க போகலாம். எங்கட கையில என்ன இருக்கு" என்றான். அந்த வசனத்தைத்தான் அம்மம்மா வாங்கி வைத்திருக்கிறா. நாப்பது வருசத்து நேர்த்தி ஒன்று, ஒருவன் காலக்கெடுவுக்குள் காசு கட்டாததால் நிறைவேறாமல் போய்விட்டது. அவனோ அந்தக் கணக்கைச் சாமியின் தலையில் எழுதிவிட்டான். ஏமாந்தவர் தனக்குப் பாக்கியம் இல்லை என்று வெட்கப்பட்டு வாயை மூட, அடுத்த போஸ்டருக்கு இடம் கிடைக்கிறது. 28 பேரில் எழுத்தில் முறைப்பாடு செய்ய முன்வந்தவர்கள் மூன்று பேர்.

முறைப்பாட்டிலும் ஒரு கெடு இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய, பொருளையோ சேவையையோ பெற்றதிலிருந்து மூன்று மாதம்தான் சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த மாசம் தாறன்", "தைப்பொங்கலுக்குத் தாறன்" என்று அவன் இழுப்பது எதற்கு என்று இப்ப விளங்கும். அதிகாரசபையின் இலக்கம் 1977. மோசடிக்குப் பொலிஸில் தனியாக முறைப்பாடு போட வேணும். போஸ்டரின் படம், வங்கிச் சிலிப், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேமித்துவிட்டுப் போங்கோ. உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் போன காசை வங்கி தானாகத் திருப்பித் தராது. முகவர் ஒருவருக்கு வங்கி அட்டையால் கட்டினால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் ஆட்சேபிக்க ஒரு வழியாவது இருக்கிறது.

கடைசியாக எங்களைப் பற்றி. அந்தப் போஸ்டரை யார் பகிர்ந்தது என்று தேடிப் பார்த்தோம். கோயில் பக்கங்கள் ரெண்டு, ஊர்ச் செய்திப் பக்கம் ஒன்று, யூரியூப் பொடியன் ஒருவன். அவனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொமிசன். பிறகு எங்கள் கூட்டத்தில் ஒருவர். "அம்மாவின்ர வட்ஸ்அப் குறூப்பில போட்டனான், நல்ல விலை எண்டு நினைச்சன்" என்றார். அந்தக் குறூப்பிலிருந்து ஐந்து பேர் காசு கட்டியிருக்கிறார்கள். அவர் அந்த ஐந்து வீட்டுக்கும் நேரில் போய், முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேறு என்ன செய்ய முடியும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அதுக்குப் பிறகு நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். நிறுவனப் பெயர், முகவரின் அனுமதி இலக்கம், நிறுவனப் பெயரிலான வங்கிக் கணக்கு, டிக்கெட் எண் தரப்படும் திகதி, தராவிட்டால் காசு திரும்பும் திகதி, இந்த ஐந்தும் இல்லாத எந்தப் பயணப் போஸ்டரையும் நாங்கள் பகிர மாட்டோம். கோயில் பக்கம் நடத்துகிறவர்களிடமும் இதையே கேட்கிறோம். உங்கட பக்கத்தில் இருக்கிற சாமிப் படத்தை நம்பித்தான் சனம் காசு போடுகிறது. அந்த நம்பிக்கையை வாடகைக்கு விடாதேங்கோ. முற்பணம் முழுவதையும் டிக்கெட் எண் வர முன்னம் கேட்கிறவனிடம் "எண் வரட்டும், மிச்சம் அண்டைக்கே போடுறம்" என்று சொல்லுங்கோ. "இடம் முடிஞ்சிடும்" என்று அவன் அவசரப்படுத்தினால் முடியட்டும்.

அம்மம்மாவின் பெட்டி இன்னும் கட்டினபடி இருக்கிறது. தோழி இந்த முறை அனுமதியுள்ள முகவர் ஒருவரிடம் தானே போய், தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப் போகிறாள். அதுக்கு முன்னம் அம்மம்மாவை இருத்தி, போனில் பி.என்.ஆர். எது, டிக்கெட் எண் எது என்று காட்டிக் கொடுத்தாள். கண்ணாடியை ஏத்திப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்துவிட்டு அம்மம்மா கேட்டா: "அப்ப பெருமாள் கூப்பிட்டவரோ?"

"கூப்பிட்டவர் அம்மம்மா. இவன்தான் டிக்கெட் எடுக்கேல்லை."